வாடகைக் கணக்கை ஷீற்றில வைக்கிறது: டியூ திகதி, வந்த காசு, நிலுவை – ஆக்கள் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

கிளிநொச்சியில ஏ9 ரோட்டோரம் ரெண்டு கடை, அதுக்குப் பின்னால ஒரு அனெக்ஸ், கனகபுரத்தில ஒரு வீடு, பரந்தனில ரெண்டு ரூம். ஆறும் எங்கட குடும்பத்துச் சொத்து, மற்ற ஆக்கள் வெளிநாட்டில, இஞ்ச நிண்டு வாடகை வாங்கிறது நான். எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் கனபேர் இதே வேலை பாக்கினம், அவை ஃபோன் பண்ணிக் கேட்ட கேள்வியளைத்தான் இதில எழுதியிருக்கிறன். நான் பாவிக்கிறது Google Sheets, எக்செல்லயும் இதே ஃபோர்முலா வேலை செய்யும்.

கொப்பியில எழுதின மாதிரியே ஆள் பேர் ஒரு பக்கம், பன்னிரண்டு மாசம் மேல, பெட்டியில காசு எண்டு போட்டா காணாதோ?

எல்லாரும் மாசா மாசம் முழுக்காசும் ஒரே தரத்தில தந்தா காணும். ஆனா அப்பிடித் தாற ஆக்களுக்குக் கணக்கே தேவையில்லை, கணக்கு தேவைப்படுறது பாதி தாற ஆளுக்கும் ரெண்டு மாசத்தைச் சேத்துத் தாற ஆளுக்கும்தான். ஒரு பெட்டிக்குள்ள ஒரு தொகைதான் எழுதலாம். மார்கழிப் பெட்டியில 12000 எண்டு போட்டாச்சு, மிச்சம் 8000ஐ அந்தாள் தை 20ஆம் திகதி தந்தா எங்க எழுதிறது? மார்கழிப் பெட்டியைத் திருத்தி 20000 ஆக்கினா எந்தத் திகதியில எவ்வளவு வந்ததெண்ட விபரம் அழிஞ்சு போகுது, தைப் பெட்டியில போட்டா மார்கழி குறையாவே நிக்குது.

நான் முதல் ரெண்டு வருஷமும் இந்தப் பெட்டிக் கணக்குத்தான் வைச்சனான். அனெக்ஸில இருந்த சேர் ஒருத்தருக்கு ஒரு மாசம் 5000 குறையெண்டு பெட்டிக்குப் பக்கத்தில சின்னனா எழுதி வைச்சிருந்தன். அவர் அதை அடுத்த கிழமையே பாங்கில போட்டிட்டு சிலிப்பை வட்ஸ்அப்பில அனுப்பியிருக்கிறார், நான் அந்தக் குறிப்பை வெட்ட மறந்திட்டன். நாலு மாசம் கழிச்சு அவரிட்ட 5000 கேட்டு நிண்டன். அவர் ஒண்டும் கதைக்காம ஃபோனை எடுத்து அந்த சிலிப்பைக் காட்டினார், திகதி, தொகை எல்லாம் வடிவா இருந்தது. அண்டைக்கு வெக்கப்பட்டது இண்டைக்கும் நினைவிருக்கு, அதோட பெட்டிக் கணக்கை விட்டிட்டன்.

நிலுவையைக் கையால எழுதவே கூடாது எண்டதுதான் அதில படிச்சது. வரவேண்டியதை ஒரு பட்டியலில எழுதுங்கோ, வந்ததை இன்னொரு பட்டியலில எழுதுங்கோ, நிலுவை அந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசமா தானா வரட்டும்.

அப்ப எத்தினை ஷீற் போடுறது, எதில என்ன எழுதிறது?

ஒரே ஃபைலுக்குள்ள நாலு ஷீற். ஷீற்றின்ர பேரை மட்டும் இங்கிலீசில வையுங்கோ, ஃபோர்முலா ரைப் பண்ண சுகம், உள்ளுக்க எழுதிற விஷயம் தமிழில இருக்கலாம்.

முதலாவது `Tenants`. இதில ஆளுக்கு ஒரு வரி: A கோட், B எந்த இடம், C பேர், D ஃபோன், E வந்த திகதி, F வாடகை, G அட்வான்ஸ், H வெளிக்கிட்ட திகதி, I காசு தாறன் எண்டு சொன்ன திகதி.

ரெண்டாவது `Dues`, அதாவது வரவேண்டியது. ஒரு ஆளுக்கு ஒரு மாசத்துக்கு ஒரு வரி: A கோட், B எதுக்கு, C டியூ திகதி, D தொகை. E, F, G மூண்டும் ஃபோர்முலா, அதைக் கீழ சொல்லுறன்.

மூண்டாவது `Payments`. காசு கையில வந்த ஒவ்வொரு தரமும் ஒரு வரி: A வந்த திகதி, B கோட், C தொகை, D கையிலயோ பாங்கிலயோ, E ரிசீற் நம்பர், F குறிப்பு. ஒரே மாசத்தில மூண்டு தரம் சில்லறை சில்லறையா தந்தா மூண்டு வரி எழுதுங்கோ, கூட்டி ஒண்டாப் போடாதேங்கோ, பிறகு அவர் சிலிப்பைக் காட்டேக்க உங்கட வரியும் அவற்ற சிலிப்பும் ஒண்டுக்கு ஒண்டு பொருந்த வேணும்.

நாலாவது `Summary`. இதில நீங்கள் எழுதிறது கோட் மட்டும்தான், மற்றதெல்லாம் தானா வரும்.

கோட் விஷயத்தில ஒரு சொல்லு. கடை நம்பரை மட்டும் கோட்டா வைக்காதேங்கோ. ரெண்டாம் கடையில முதல் இருந்த ஆள் 15000 குறைவிட்டிட்டுப் போயிட்டார் எண்டு வையுங்கோ, புது ஆள் வாறார், கோட் K2 எண்டு அதுவே இருந்தா பழைய ஆளின்ர குறை புது ஆளின்ர தலையில விழும். அதால நான் K2-A, K2-B எண்டு ஆள் மாற எழுத்தையும் மாத்துறன். பழைய ஆளின்ர வரியை அழிக்கிறதில்லை, வெளிக்கிட்ட திகதியை H இல போட்டு விடுறன், அந்தக் குறை அவற்ற பேரிலயே நிக்கும்.

மாசா மாசம் டியூ திகதி தானா வரப் பண்ணேலாதோ?

ஏலும், ஆனா ஆறு இடத்துக்கு அது பெரிய தேவையில்லை. நான் ஒவ்வொரு மாசமும் ஒண்டாம் திகதி போன மாசத்து ஆறு வரியையும் கொப்பி பண்ணி கீழ ஒட்டி, மாசத்தை மட்டும் மாத்துறன், அஞ்சு நிமிசம் போகாது. அந்த அஞ்சு நிமிசத்தில யார் வெளிக்கிட்டது, யாருக்கு வாடகை கூடினது எண்டெல்லாம் கண்ணில படும்.

ஒரேயடியா வருஷத்துக்கும் போட விரும்பிற ஆக்களுக்கு `EDATE` இருக்கு, ஒரு திகதியோட எத்தினை மாசம் கூட்ட வேணும் எண்டு சொன்னா அடுத்த திகதியைத் தரும். இதில ஒரு குழி இருக்கு. ஒருத்தருக்கு டியூ மாசக் கடைசி, முதல் திகதி 31/01/2025 எண்டு வையுங்கோ. ஒவ்வொரு வரியும் தனக்கு மேல உள்ள வரியோட ஒரு மாசம் கூட்டினா பெப்ரவரியில 28 ஆகும், அது சரி, ஆனா அடுத்தது அந்த 28ஓட கூட்டிறபடியா மார்ச்சிலயும் 28, ஏப்ரலிலயும் 28, பிறகு 31 திரும்பி வரவே வராது. எப்பவும் முதல் திகதியில இருந்தே கூட்டுங்கோ. ஒரு வெறும் ஷீற்றில A1 இல முதல் திகதியைப் போட்டு A2 இல இருந்து இதை இழுத்து விட்டா மார்ச்சில 31 திரும்பி வரும்:

```
=EDATE(A$1,ROW()-1)
```

வந்த திகதியளைக் கொப்பி பண்ணி `Dues`இல ஒட்டேக்க `Ctrl+Shift+V` அடிச்சு வெறும் பெறுமதியா ஒட்டுங்கோ, இல்லாட்டி ஃபோர்முலாவும் சேந்து வந்து எல்லாத்தையும் குழப்பும். ஆக்கள் எல்லாரின்ரயும் வரி திகதி ஒழுங்கில, பழசு மேல புதுசு கீழ, இருக்கிற மாதிரிப் பாருங்கோ. அடுத்த கேள்விக்கு அது கட்டாயம் வேணும்.

பாதிக் காசு தந்தா அதை எந்த மாசத்துக்குக் கழிக்கிறது? அவர் ஒண்டு சொல்லுறார், நான் ஒண்டு சொல்லுறன்.

கூடச் சண்டை வாற இடம் இதுதான், அதால இதை ஆறுதலாச் சொல்லுறன். நான் பிடிக்கிற வழி, வாற காசு எப்பவும் ஆகப் பழைய குறைக்குத்தான் முதல் போகும். இதை ஆள் குடி வாற அண்டைக்கே வாயால சொல்லி, ரிசீற்றிலயும் ஒரு வரி எழுதி விடுறன்.

என்ர ரெண்டாம் கடையின்ர கணக்கு இது. உரமும் மருந்தும் விக்கிற கடை, வாடகை 20000, டியூ ஒவ்வொரு மாசமும் 5ஆம் திகதி. வன்னியில உரக்கடைக்காரற்ற நிலைமை உங்களுக்குத் தெரியும், காலபோக விதைப்புக்குக் கமக்காரர் கடனுக்கு எடுப்பினம், மாசி பங்குனியில வெட்டு முடிஞ்சு நெல்லு வித்தாத்தான் அந்தக் கடன் திரும்பும். அதால கார்த்திகை நல்லாப் போகும், மார்கழி தையில இறுகும். 2024 நவம்பர் 8ஆம் திகதி 20000 தந்தார். டிசம்பர் 14 இல 12000. 2025 ஜனவரி 20 இல 10000. பிறகு ஒண்டுமில்லை, நான் பெப்ரவரி 15 இல ஷீற்றைத் திறந்து பாக்கிறன்.

நவம்பர், டிசம்பர், ஜனவரி, பெப்ரவரி, நாலு டியூவும் தாண்டியாச்சு, வரவேண்டியது 80000. வந்தது 42000. நிலுவை 38000. இதில ஒருத்தருக்கும் சண்டையில்லை. சண்டை அது எந்த மாசத்துக் குறை எண்டதில. அவற்ற கணக்கில டிசம்பரில 8000, ஜனவரியில 10000, பெப்ரவரி முழுசா 20000, கூட்டினா அதே 38000. என்ர கணக்கில நவம்பருக்கு 20000 போக மிச்சம் 22000, அதில டிசம்பர் முழுசாத் தீருது, ஜனவரிக்கு 2000 போகுது, ஜனவரியில 18000 குறை, பெப்ரவரியில 20000 குறை, கூட்டினா அதுவும் 38000.

தொகை மாறேல்லை, வயசு மாறியிருக்கு. அவற்ற வழியில ஆகப் பழைய குறை டிசம்பர் 5, அதாவது 72 நாள். என்ர வழியில ஜனவரி 5, 41 நாள். யோசிச்சுப் பாத்தா பழசைக் கழிக்கிற வழி அவருக்குத்தான் நல்லம், ஆள் ரெண்டு மாசத்துக்கு மேல இழுத்தடிக்கிறார் எண்டு ஷீற் காட்டாது. இதை விளங்கப்படுத்தினா ஆக்கள் ஒத்துக்கொள்ளுவினம், என்ர ஆளும் ஒத்துக்கொண்டார்.

இந்தக் கழிப்பை ஷீற்றே செய்யும். `Dues`இல E2 இல இது:

```
=MAX(0,MIN(D2,SUMIFS(Payments!C:C,Payments!B:B,A2)-(SUMIFS(D$2:D2,A$2:A2,A2)-D2)))
```

பாக்கப் பயமா இருக்கும், விஷயம் சின்னன். இந்தக் கோட்டுக்கு இதுவரை வந்த காசு முழுக்க எடு, இந்த வரிக்கு முதல் உள்ள டியூவளைக் கழி, மிச்சம் இருந்தா அதை இந்த வரிக்குக் குடு, ஆனா இந்த வரியின்ர தொகைக்கு மேல குடுக்காதை, பூச்சியத்துக்குக் கீழ போகாதை. அவ்வளவுதான். F2 இல இந்த வரியில மிச்சம் எவ்வளவு எண்டது:

```
=D2-E2
```

G2 இல எத்தினை நாள் பிந்தினது:

```
=IF(AND(F2>0,C2<TODAY()),TODAY()-C2,0)
```

மூண்டையும் கீழ இழுத்து விடுங்கோ. G இல 41 எண்டு வராம 09/02/1900 மாதிரி ஒரு பழைய திகதி வந்தா பயப்பட வேண்டாம், அந்தக் கொலத்தை நம்பர் ஃபோர்மற்றுக்கு மாத்தினாச் சரி.

இந்த ஃபோர்முலா மேல உள்ள வரிதான் பழசு எண்டு நம்பி வேலை செய்யுது. நீங்கள் மறந்து போன ஒரு ஜனவரி வரியைக் கொண்டு போய் ஆகக் கீழ, மார்ச்சுக்குப் பிறகு எழுதினா, காசு மார்ச்சுக்குப் போய்ச் சேந்திட்டு ஜனவரி குறையா நிக்கும். அப்பிடி மறந்தா இடையில வரி போட்டு அந்த இடத்திலயே எழுதி, E, F, G மூண்டையும் மேல இருந்து திரும்ப இழுத்து விடுங்கோ. ஒரு ஆளின்ர வரியளை மட்டும் பாக்க வேணுமெண்டா பேர் ஒழுங்கில சோர்ட் பண்ணாதேங்கோ, ஃபில்ரர் போட்டுப் பாருங்கோ.

பெப்ரவரி 27 இல அவர் வந்து 30000 தந்தார், நெல்லுக் காசு திரும்பத் தொடங்கியிருந்தது. நான் `Payments`இல ஒரு வரி எழுதினன், வேற ஒண்டையும் தொடேல்லை. ஜனவரி தானா முழுசாத் தீந்தது, பெப்ரவரிக்கு 12000 போய் 8000 மிச்சம் நிண்டது. அடுத்த நாள் திறந்து பாக்க 8000, 23 நாள் எண்டு காட்டிச்சுது.

ஆளாளுக்கு மொத்தமா எவ்வளவு நிலுவை எண்டு ஒரே பார்வையில பாக்கிறது எப்பிடி?

அதுக்குத்தான் `Summary`. A2 இல கோட், B2 இல இண்டைக்கு முதல் டியூ தாண்டினது:

```
=SUMIFS(Dues!D:D,Dues!A:A,A2,Dues!C:C,"<"&TODAY())
```

C2 இல வந்தது:

```
=SUMIFS(Payments!C:C,Payments!B:B,A2)
```

D2 இல `=B2-C2`, அதுதான் நிலுவை. E2 இல ஆகப் பழைய குறை எத்தினை நாள்:

```
=MAXIFS(Dues!G:G,Dues!A:A,A2)
```

`MAXIFS` எக்செல் 2019 இல இருந்துதான் இருக்கு, பழைய எக்செல் வைச்சிருக்கிற ஆக்கள் Google Sheetsக்கு வாறது நல்லம்.

B2 இல அந்த `"<"&TODAY()` துண்டை விட்டிடாதேங்கோ. அது இல்லாட்டி நீங்கள் வருஷத்துக்கும் முன்கூட்டி எழுதின டியூ எல்லாம் இண்டைக்கே நிலுவையாக் காட்டும், ஒழுங்காக் கட்டிற ஆளும் லட்சக்கணக்கில குறை வைச்ச மாதிரி நிப்பார். D இல மைனஸ் வந்தா அது பிழையில்லை, அந்தாள் முன்கூட்டியே தந்திருக்கிறார் எண்டு அர்த்தம்.

நான் நிலுவைத் தொகையைவிட E கொலத்தைத்தான் முதல் பாக்கிறது. 40000 குறை, 10 நாள் எண்டா கடைக்காரர் ரெண்டு நாளில தருவார். 4000 குறை, 90 நாள் எண்டா அதை ரெண்டு பேரும் மறந்திட்டம் எண்டு அர்த்தம், அதைத்தான் போய்க் கேட்க வேணும்.

அட்வான்ஸ் காசை எங்க போடுறது? அதுவும் வந்த காசுதானே.

`Payments`இல போடாதேங்கோ. அனெக்ஸுக்கு வாடகை 15000, அட்வான்ஸ் 45000 எண்டு வையுங்கோ. அந்த 45000ஐ வந்த காசுப் பட்டியலில எழுதினா ஷீற் அதை வாடகை எண்டு நினைச்சு முதல் மூண்டு மாசத்துக்கும் கழிச்சிடும். அந்த மூண்டு மாசமும் ஆள் ஒரு சதம் தராட்டியும் நிலுவை பூச்சியம் எண்டுதான் காட்டும், நாலாம் மாசம்தான் உங்களுக்கு ஏதோ பிழையெண்டு தெரிய வரும்.

அட்வான்ஸ் அவற்ற காசு, உங்களிட்ட இருக்குது, அவ்வளவுதான். `Tenants`இல G கொலத்தில எழுதி விடுங்கோ. ஆள் வெளிக்கிடேக்க 10000 குறை இருக்கு, அதை அட்வான்ஸில கழிப்பம் எண்டு ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுத்தா, அண்டைக்கு `Payments`இல 10000 எண்டு ஒரு வரி, குறிப்பில 'அட்வான்ஸில கழிச்சது'. G இல 45000ஐ 35000 ஆக்குங்கோ, திருப்பிக் குடுக்க வேண்டியது அதுதான்.

கறண்ட் பில்லையும் இதுக்குள்ள கொண்டு வரலாமோ?

மீற்றர் உங்கட பேரில இருந்து பில்லை நீங்கள் கட்டி ஆளிட்ட வாங்கிறதெண்டா கொண்டு வாங்கோ. `Dues`இல இன்னொரு வரி, B இல 'கறண்ட் பெப்ரவரி', திகதி, தொகை. ஆள் தானே கட்டிறதெண்டா வேண்டாம், உங்களுக்கு வரவேண்டிய காசில்லை அது.

எல்லாம் சரியாத்தான் எழுதினன், ஆனா கூட்டுத் தொகை பிழையா வருது.

அநேகமா மூண்டில ஒண்டு.

ஒண்டு, தொகையை எழுத்தா எழுதியிருப்பீங்கள். எங்கட ஆக்களுக்கு 15000/= எண்டு எழுதிக் கை பழகிப் போச்சு, ரிசீற்றில அது சரி, ஷீற்றில அந்த `/=` வந்த உடன அது நம்பரில்லை, வெறும் சொல்லு. கூட்டேக்க சத்தமில்லாம விட்டிட்டுப் போகும், பிழையெண்டும் சொல்லாது. பாத்த உடன கண்டுபிடிக்கிற வழி, நம்பர் பெட்டியின்ர வலப்பக்கம் ஒட்டி நிக்கும், எழுத்து இடப்பக்கம் நிக்கும். இதையும் ஒரு மூலையில போட்டு வையுங்கோ, பூச்சியம் வர வேணும், 2 எண்டு வந்தா ரெண்டு வரி எழுத்தாக் கிடக்கு:

```
=COUNTA(Payments!C2:C500)-COUNT(Payments!C2:C500)
```

ரெண்டு, திகதி. ஃபைலின்ர இடம் United States எண்டு கிடந்தா நீங்கள் 05/03/2025 எண்டு மார்ச் 5ஐ எழுத அது மே 3 எண்டு எடுக்கும். 25/03/2025 எண்டு எழுதினா 25ஆம் மாசம் இல்லையெண்டு அதை எழுத்தாவே விட்டிடும். முதலாவது ஆகப் பொல்லாதது, பாக்கச் சரியாவே இருக்கும், ஆனா டியூ இன்னும் வரேல்லை எண்டு ஷீற் நினைச்சு நிலுவையைக் குறைச்சுக் காட்டும். ஒரு ஆளின்ர நிலுவை சொல்லி வைச்ச மாதிரி ஒரு மாச வாடகை அளவு குறைவா நிண்டா திகதியைத்தான் முதல் பாருங்கோ. `File > Settings` போய் `Locale` எண்டதில United Kingdom எண்டு மாத்துங்கோ, நாள் முதல் மாசம் பிறகு எண்டு எங்கட வழக்கத்துக்கு வரும். ஒரு வரியும் எழுத முதல் இதைச் செய்ய வேணும். பிறகு மாத்தினா ஏற்கெனவே மே 3 எண்டு எடுத்தது மே 3 ஆவே இருக்கும், ஒவ்வொண்டாத் திருத்த வேணும்.

மூண்டு, கோட். K2-Bக்குப் பதிலா K2B எண்டு அடிச்சா அந்தக் காசு ஒருத்தற்ற கணக்கிலயும் சேராது, தந்த ஆள் குறைகாரனா நிப்பார். இதுக்கு `Summary`இல அடியில ஒரு பெட்டி:

```
=SUM(Payments!C:C)-SUM(C2:C50)
```

இதுவும் பூச்சியம் வர வேணும். 10000 எண்டு வந்தா 10000 பெறுமதியான காசு ஏதோ கோட் பிழைச்சு அந்தரத்தில நிக்குது, `Payments`இல போய்த் தேடுங்கோ. வெளிக்கிட்ட ஆக்களின்ர கோட்டும் `Summary`இல இருக்க வேணும், இல்லாட்டி அவையின்ர காசும் இதில வந்து நிக்கும். முதலே வராமப் பண்ண, கோட் அடிக்கிற ரெண்டு கொலத்துக்கும் `Data > Data validation` இல `Tenants`இன்ர A கொலத்தைக் காட்டி விட்டா பட்டியலில இருந்து தெரிவு செய்யிற மாதிரி வரும், பட்டியலில இல்லாததை ஏற்காதை எண்டும் போட்டு விடுங்கோ.

இந்த ரெண்டு பெட்டியும் வேற வேற பிழையைப் பிடிக்கிறது, ஒண்டு இருந்தாக் காணும் எண்டு விடாதேங்கோ. 15000/= எண்டு எழுதினது ரெண்டு பக்கத்துக் கூட்டிலயும் சேராதபடியா ரெண்டாவது பெட்டி பூச்சியமாவே நிக்கும்.

வெட்டு முடியத் தாறன் எண்டு சொல்லுறார். டியூ திகதியைத் தள்ளிப் போடட்டோ?

வேண்டாம். டியூ திகதி ஒப்பந்தத்தில உள்ளது, அது அப்பிடியே இருக்கட்டும், நாளும் ஏறட்டும். `Tenants`இல I கொலம் இதுக்குத்தான், அவர் சொன்ன திகதியை அதில எழுதுங்கோ. பங்குனி 15 எண்டு சொன்னா அதுவரைக்கும் நான் கேட்கிறதில்லை, மழை வெள்ளத்தில வயல் அழிஞ்ச வருஷம் எண்டா நானே போய் இன்னொரு திகதி கதைச்சு எழுதுவன். ஆனா டியூவை மாத்தினா அடுத்த வருஷம் இதே நேரம் இவர் எப்பிடிக் கட்டினவர் எண்டு பாக்க ஒண்டும் மிஞ்சாது. மூண்டு வருஷக் கணக்கு கையில இருக்கிறபடியா உரக்கடை மார்கழியில பிந்தி மாசி கடைசியில நேராகும் எண்டு எனக்கு இப்ப முன்கூட்டியே தெரியும், அந்தக் காசை நம்பித் தையில வேற செலவு வைக்கிறதில்லை.

வாடகையைக் கூட்டினா என்ன செய்யிறது?

புது வாடகை தொடங்கிற மாசத்து வரியில புதுத் தொகையை எழுதுங்கோ, பழைய வரியளைத் தொடாதேங்கோ. கொஞ்சம் ஃபோர்முலா தெரிஞ்ச தம்பிமார் `Dues`இல தொகையை எழுதாம `Tenants`இன்ர F கொலத்தில இருந்து தானா எடுக்கிற மாதிரிச் செய்வினம். பாக்க வடிவா இருக்கும், 15000ஐ 17000 ஆக்கிற அண்டைக்குத்தான் விஷயம் தெரியும், போன பத்து மாசமும் சேந்து 17000 ஆகி, ஒழுங்காக் கட்டின ஆளுக்கு 20000 நிலுவை முளைக்கும். `Dues`இல உள்ளது அந்த மாசம் கேட்ட தொகை, அது எழுதின நம்பராவே இருக்க வேணும்.

வெளிநாட்டில உள்ள சகோதரங்களும் பாக்க வேணும் எண்டினம்.

பாக்க மட்டும் உரிமை குடுங்கோ, `Viewer` எண்டு. திருத்திற உரிமை ஒரு ஆளுக்குத்தான் இருக்க வேணும், கனடாவில விடிய எழும்பி ஃபோனில தடவேக்க ஒரு ஃபோர்முலா அழிஞ்சா உங்களுக்குத் தெரியவும் வராது. ஆக்களின்ர ஃபோன் நம்பர் எல்லாருக்கும் போக வேண்டாம் எண்டா `Summary`ஐ மட்டும் பீடிஎஃப் ஆக்கி அனுப்புங்கோ, நான் அப்பிடித்தான் செய்யிறன்.

வருஷம் முடிய புது ஃபைல் தொடங்கிறதோ?

தேவையில்லை. ஆறு இடத்துக்கு வருஷத்துக்கு 72 டியூ வரி, அதை ஷீற் பத்து வருஷத்துக்கும் தாங்கும். கொப்பியில இருந்து இடையில மாறி வாற ஆக்கள்தான் ஒரு வேலை செய்ய வேணும்: தொடங்கிற அண்டைக்கு ஒவ்வொரு ஆளோடயும் இருந்து பழைய குறை எவ்வளவு எண்டு கதைச்சு ஒத்துக்கொண்டு, `Dues`இல அவருக்கு ஆக முதலாவது வரியா 'பழைய பாக்கி' எண்டு அந்தத் தொகையை எழுதுங்கோ. திகதி அந்தக் குறை விழுந்த மாசத்தின்ர டியூ. அவர் ஒத்துக்கொண்ட தொகையை ஒரு துண்டில எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சுப் படமெடுத்து வைச்சிடுங்கோ, ஏனெண்டா இந்த ஒரு வரிக்கு மட்டும் பின்னால காட்ட சிலிப் ஒண்டும் இருக்காது.